முதிர்வு நாள் வந்தும் பணம் வரவில்லை என்றால்

நிரந்தர வைப்பு, அதாவது ஃபிக்சட் டெபாசிட், முதிர்ந்த நாளில் பணம் சேமிப்புக் கணக்குக்கு வராவிட்டால் பெரும்பாலோர் சேமிப்புக் கணக்கையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். அங்கே காரணம் தெரியாது. பணம் வரவில்லை என்பதுதான் தெரியும். காரணம் டெபாசிட்டின் பக்கத்தில் இருக்கிறது. வங்கியின் கணினியில் ஒவ்வொரு டெபாசிட்டும் தனி எண் கொண்ட ஒரு கணக்கு. முதிர்வு நாளில் அந்தக் கணக்குக்கு என்ன நடந்தது என்பதை அதன் நிலை, தொடக்க நாள், அசல், வட்டி விகிதம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதிர்வு நாளில் ஒரு டெபாசிட்டுக்கு மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும். கணக்கு மூடப்பட்டு, பணம் குறிப்பிட்ட இடத்துக்கு அனுப்பப்படலாம். இன்னொரு தவணைக்குப் புதுப்பிக்கப்படலாம். அல்லது எதுவும் நடக்காமல், முதிர்ந்த பணம் முதிர்ந்த நிலையிலேயே அங்கே கிடக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் நடந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

இணைய வங்கியிலோ கைப்பேசிச் செயலியிலோ டெபாசிட் விவரப் பக்கத்தைத் திறந்தால் இது தெரியும். Closed என்றிருந்தால் கணக்கு மூடப்பட்டுவிட்டது. Matured என்றோ Overdue என்றோ இருந்தால் பணம் அங்கேயே தங்கியிருக்கிறது. Active என்றிருந்து முதிர்வு நாள் மட்டும் ஓராண்டு தள்ளிப் போயிருந்தால் புதுப்பிப்பு நடந்திருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சில வங்கிகளில் புதுப்பித்த டெபாசிட் பழைய எண்ணிலேயே தொடரும். வேறு சில வங்கிகளில் பழைய எண் மூடப்பட்டுப் புதிய எண் பிறக்கும். அப்படிப்பட்ட வங்கியில் பழைய எண்ணை மட்டும் தேடுகிறவருக்கு ‘மூடப்பட்டது’ என்ற செய்திதான் கிடைக்கும். பணம் போன இடம் தெரியாமல் கலங்கிப்போவார். எனவே ஓர் எண்ணை மட்டும் தேடாமல், அந்த வாடிக்கையாளர் பெயரில் இருக்கும் டெபாசிட்டுகள் அனைத்தின் பட்டியலையும் பார்க்க வேண்டும். இணைய வசதி இல்லாதவர் டெபாசிட் ரசீதுடன் கிளைக்குச் சென்று, தன் வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள டெபாசிட்டுகள் எவை என்று கேட்டால் அதே பட்டியல் கிடைக்கும்.

முதலில் ரசீது

பணம் தாமதமாகிவிட்டது என்ற முடிவுக்கு வருமுன், முதிர்வு நாள் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று ரசீதைப் பார்ப்பது நல்லது. நாள்கணக்கில் விற்கப்படும் டெபாசிட்டுகள் பெருகியபின் இந்தக் குழப்பமும் பெருகியிருக்கிறது. 400 நாள், 444 நாள் என்று வங்கிகள் சிறப்புத் திட்டங்கள் நடத்துகின்றன. 444 நாளை ‘ஒன்றேகால் வருஷம்’ என்று மனதில் வைத்திருப்பவர், 2024 ஜூன் 10 அன்று போட்ட பணத்தை 2025 செப்டம்பர் 10 அன்று எதிர்பார்ப்பார். சரியான நாள் ஆகஸ்ட் 28. செப்டம்பரில் அவர் தேடத் தொடங்கும்போது டெபாசிட் முதிர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும். லீப் ஆண்டும் தன் பங்குக்கு ஒரு நாளை நகர்த்தும். 2023 மார்ச் 1 அன்று ‘ஓராண்டு’ என்று போட்ட பணம் 2024 மார்ச் 1 அன்று முதிரும். ‘365 நாள்’ என்று போட்டது பிப்ரவரி 29 அன்றே முதிர்ந்துவிடும்.

ரசீதில் பார்க்க வேண்டிய இன்னொரு வரி முதிர்வுக் கட்டளை. திரையில் அது Maturity Instruction என்ற தலைப்பில் இருக்கும். முதிர்ந்ததும் பணத்தை என்ன செய்வது என்று டெபாசிட் போட்ட அன்றே வாடிக்கையாளர் வங்கிக்குச் சொன்ன பதில் அது. வழக்கமாக மூன்று தேர்வுகள் தரப்படும்: அசலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பி, அசலை மட்டும் புதுப்பித்து வட்டியைக் கணக்கில் வரவு வை, மொத்தத்தையும் கணக்கில் வரவு வை. கிளையில் படிவம் நிரப்பிய காலத்தில் இதைக் கையால் குறிக்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் நான்கு தட்டலில் டெபாசிட் திறக்கும்போது பல செயலிகளில் ‘புதுப்பி’ என்பது முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் அதுவே கட்டளையாகிவிடும். முதிர்வுத் தொகை வராததற்கான காரணங்களில் மிகச் சாதாரணமானது இதுதான். வங்கியின் பார்வையில் இதில் தவறே இல்லை. வாடிக்கையாளர் கேட்டதை அது செய்திருக்கிறது.

ஒரு பொங்கல் டெபாசிட்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் 2025 ஜனவரி 15 அன்று கைப்பேசிச் செயலி வழியாக ₹4,00,000 டெபாசிட் செய்கிறார். தவணை ஓராண்டு, வட்டி 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. முதிர்வு நாளான 2026 ஜனவரி 15 அன்று அவருக்கு வர வேண்டியது ₹4,28,744. அன்று பொங்கல். அடுத்த நாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்த நாள் உழவர் திருநாள், 18ஆம் தேதி ஞாயிறு. கிளைகள் திறப்பது 19ஆம் தேதி திங்கட்கிழமை.

15ஆம் தேதி பணம் வரவில்லை. விடுமுறை என்பதால் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வது இயல்பு. அந்த ஊகம் சரியாகவும் இருக்கலாம். வரவு வைக்கும் வேலையை விடுமுறை நாளிலும் கணினியே முடித்துவிடும் வங்கிகள் பல. கிளை திறந்த பிறகே தொகையைக் கொடுக்கும் வங்கிகளும் உண்டு. இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. வங்கி இயங்காத நாளில் டெபாசிட் முதிர்ந்து, அடுத்த வேலை நாளில் பணம் தரப்பட்டால், இடைப்பட்ட நாட்களுக்கும் ஒப்புக்கொண்ட பழைய விகிதத்திலேயே வட்டி உண்டு. கூட்டுவட்டி டெபாசிட்டில் அந்த வட்டி முதிர்வுத் தொகையின் மீது கணக்கிடப்படும். ₹4,28,744க்கு 7 சதவீதத்தில் நான்கு நாள் வட்டி ஏறத்தாழ ₹329. எனவே தாமதத்துக்குக் காரணம் விடுமுறைதான் என்றால், 19ஆம் தேதி வரும் தொகை ₹4,29,073 அளவில் இருக்க வேண்டும். சரியாக ₹4,28,744 மட்டும் வந்தால் அந்த ₹329ஐக் கேட்டுப் பெறலாம். சிறு தொகைதான்; ஆனால் கேட்காமல் பலரும் விட்டுவிடும் தொகை.

இந்த எடுத்துக்காட்டில் 19ஆம் தேதியும் பணம் வரவில்லை. டெபாசிட் பக்கத்தைத் திறந்தால் நிலை Active. தொடக்க நாள் 15-01-2026. முதிர்வு நாள் 15-01-2027. அசல் ₹4,28,744. வட்டி 6.4 சதவீதம். விடுமுறைக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பே இல்லை என்பதை இந்த நான்கு வரிகள் சொல்லிவிடுகின்றன. தொகை வெறுமனே காத்துக்கிடந்திருந்தால் தொடக்க நாள் பழைய 2025ஆம் ஆண்டாகவும் அசல் ₹4,00,000 ஆகவும் இருந்திருக்கும். பழைய முதிர்வுத் தொகையே புதிய அசலாக மாறியிருப்பது புதுப்பிப்பின் அடையாளம். வட்டி விகிதம் மாறியிருப்பதற்கும் காரணம் அதுதான்: புதுப்பிப்பு பழைய விகிதத்தில் நடக்காது, முதிர்வு நாளன்று அந்தத் தவணைக்கு வங்கியில் என்ன விகிதம் நடப்பில் இருக்கிறதோ அதில்தான் நடக்கும். அசலை மட்டும் புதுப்பிக்கும் கட்டளை இருந்திருந்தால் புதிய அசல் ₹4,00,000 ஆகவே நிற்கும். சேமிப்புக் கணக்கில் ₹28,744 மட்டும் வந்திருக்கும். ‘பாதிப் பணம்தான் வந்தது’, ‘வட்டி மட்டும் வந்தது’ என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கட்டளை இருக்கும்.

இனி என்ன செய்வது? புதுப்பிப்பு நடந்து சில நாட்களுக்குள் கேட்டால் அதை ரத்து செய்துதரும் வங்கிகள் உண்டு. எத்தனை நாள் என்பது அந்தந்த வங்கியின் டெபாசிட் கொள்கையைப் பொறுத்தது. எனவே கிளையில் வைக்க வேண்டிய முதல் வேண்டுகோள் ‘புதுப்பிப்பை ரத்து செய்யுங்கள்’ என்பது. ‘டெபாசிட்டை முன்கூட்டியே மூடுங்கள்’ என்று கேட்பது வேறு வேண்டுகோள். அதன் கணக்கும் வேறு. முன்கூட்டி மூடும்போது, பணம் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் கால அளவுக்குரிய வட்டி விகிதம்தான் கிடைக்கும். பல வங்கிகள் அதிலிருந்தும் அரை முதல் ஒரு சதவீதத்தை அபராதமாகக் குறைத்துக்கொள்ளும். டெபாசிட்டின் குறைந்தபட்சத் தவணை ஏழு நாள் என்பதால், ஏழு நாள் நிறைவதற்குள் மூடினால் புதுப்பித்த காலத்துக்கு வட்டியே இராது.

இந்த இடத்தில் பலருக்கு ஓர் அச்சம் எழுகிறது. மூடினால் முதல் ஆண்டு சம்பாதித்த வட்டியும் போய்விடுமோ என்று. போகாது. முதல் தவணை 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் ₹28,744 அசலோடு சேர்ந்துவிட்டது. அபராதமும் குறைந்த விகிதமும் புதுப்பித்த நாளுக்குப் பிந்தைய காலத்தை மட்டும் தொடும். எனவே அவசரத் தேவை இருப்பவர் அபராதத்துக்கு அஞ்சி ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு வரிச்சலுகை டெபாசிட் மட்டும் விதிவிலக்கு. அதன் ஐந்தாண்டு முடியும்வரை முன்கூட்டி எடுக்க வழியில்லை. அது முதிர்ந்தபின் சாதாரண டெபாசிட்டாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பழைய பூட்டு அதோடு கூட வராது.

பணம் நகராமல் கிடந்தால்

நிலை Matured என்று காட்டினால், அல்லது பழைய முதிர்வு நாள் மாறாமல் அப்படியே நின்றால், பணம் வெளியேறவும் இல்லை, புதுப்பிக்கப்படவும் இல்லை. நட்டம் தருவது இந்த நிலைதான். முதிர்ந்தபின் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைக்கு என்ன வட்டி என்பதை ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் மாற்றியமைத்தது. சேமிப்புக் கணக்கின் விகிதம், டெபாசிட்டின் ஒப்பந்த விகிதம் இரண்டில் எது குறைவோ அதுதான். சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதமாக உள்ள வங்கியில் மேற்சொன்ன ₹4,28,744 ஆறு மாதம் இப்படிக் கிடந்தால், 6.5 சதவீதத்தில் புதுப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட சுமார் ₹8,575 குறையும்.

பணம் ஏன் நகரவில்லை என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது, அது போய்ச் சேர வேண்டிய கணக்கு. டெபாசிட் திறந்தபோது இணைத்த சேமிப்புக் கணக்கை வாடிக்கையாளர் பிறகு மூடியிருக்கலாம். வேலை மாறியபோது பழைய சம்பளக் கணக்கை மூடிவிட்டு, அதில் இணைந்திருந்த டெபாசிட்டை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கணக்கு திறந்தே இருந்தும் முடக்கப்பட்டிருக்கலாம். முடக்கத்தில் வகைகள் உண்டு. பற்று மட்டும் தடுக்கப்பட்ட கணக்கில் பணம் வரும், எடுக்க முடியாது. வரவும் சேர்த்துத் தடுக்கப்பட்டிருந்தால் முதிர்வுத் தொகை உள்ளே நுழையவே முடியாது. டெபாசிட்டிலேயே நிற்கும், அல்லது கிளையின் இடைக்காலக் கணக்கு ஒன்றில் போய் உட்காரும். இணையக் குற்றப் புகார் ஒன்றில் அந்தச் சேமிப்புக் கணக்கின் எண் இடம்பெற்று, காவல்துறை கேட்டுக்கொண்டதால் வங்கி முடக்கியிருப்பதும் உண்டு. எந்த வகை முடக்கம், யார் உத்தரவு என்று கிளையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வங்கி தானே போட்ட தடையா, வெளியிலிருந்து வந்த உத்தரவா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எங்கே போவது என்பது முடிவாகும்.

இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்படும். அதற்கு அடையாள, முகவரி ஆவணங்களைக் கொடுத்து கே.ஒய்.சி. புதுப்பித்தால் போதும். கணக்கை உயிர்ப்பிக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. ஆவணங்கள் சரியாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இவை 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது டெபாசிட்டின் மீதே இருக்கும் பிடிப்பு. விவரப் பக்கத்தில் Lien என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் வேறு தொகை இருந்தால், அந்த அளவுக்கு டெபாசிட் எதற்கோ ஈடாகக் கட்டப்பட்டிருக்கிறது. டெபாசிட்டின் பேரில் வாங்கிய கடன் என்றால் காரணம் வெளிப்படை: முதிர்ந்ததும் வங்கி கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். கவனத்துக்கு வராத பிடிப்புகள் வேறு. டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கிய கிரெடிட் கார்டு அவற்றில் ஒன்று. கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும், முறைப்படி அதை மூடாதவரை பிடிப்பு நீங்காது. பாதுகாப்புப் பெட்டகம் இன்னொன்று. லாக்கர் தரும்போது மூன்றாண்டு வாடகையும் பெட்டகத்தை உடைத்துத் திறக்க ஆகும் செலவும் அடங்கும் அளவுக்கு ஒரு டெபாசிட்டை வங்கி கேட்கலாம். லாக்கர் இருக்கும்வரை அந்த டெபாசிட்டும் கட்டுண்டு கிடக்கும். உறவினர் வாங்கிய கடனுக்கு ஈடாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டெபாசிட், முதிர்வு நாளில் மட்டும் நினைவுக்கு வருவதும் உண்டு. கடனை அடைத்தபிறகும் பிடிப்பு அப்படியே நிற்கிறது என்றால், கடன் தீர்ந்த சான்றைக் காட்டி Lien நீக்கக் கோரி எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் பிரிவும் டெபாசிட் பிரிவும் தனித்தனி மேசைகள் என்பதால் ஒன்றில் முடிந்த வேலை மற்றதற்குத் தெரியாமலே போய்விடுகிறது.

டெபாசிட் யார் பெயரில் என்பதும் கணக்குக்கு வரும். சிறுவர் பெயரில் போட்ட டெபாசிட் முதிரும்போது அவருக்கு 18 வயது நிறைந்திருந்தால், பாதுகாவலரின் கையெழுத்து அதன்பின் செல்லாது. அவரே தன் ஆவணங்களையும் மாதிரிக் கையெழுத்தையும் கொடுக்கும்வரை வங்கி தொகையை நிறுத்திவைக்கும். டெபாசிட்டர் இறந்துவிட்டார் என்ற தகவல் வங்கிக்கு எட்டியிருந்தால் முதிர்வுக் கட்டளை நின்றுபோகும். தொகை நியமனதாரருக்கோ சட்ட வாரிசுக்கோ உரிமைகோரல் வழியாகத்தான் போகும்.

வெளியேறிய பணம் வழியில் தங்கினால்

டெபாசிட் மூடப்பட்டிருக்கிறது, சேமிப்புக் கணக்கிலோ பணம் இல்லை. டெபாசிட் ஒரு நிறுவனத்திலும் வரவு வேறொரு வங்கியிலும் இருக்கும்போது இந்த நிலை ஏற்படுகிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களிலும், கைப்பேசிச் செயலிகள் வழியாகச் சிறு நிதி வங்கிகளிலும் போடும் டெபாசிட்டுகள் இந்த வகை. தொகை பொதுவாக நெஃப்ட் வழியே வரும். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் நாள் முழுவதும், விடுமுறையிலும், அரைமணிக்கு ஒரு தொகுதியாக இயங்குகிறது. பெற வேண்டிய வங்கியால் பணத்தை வரவு வைக்க முடியாவிட்டால், அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும். ஆகவே ‘அனுப்பிவிட்டோம், இரண்டு மூன்று நாள் ஆகும்’ என்ற பதில் நெஃப்ட்டுக்குப் பொருந்தாது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது திரும்பி வந்திருக்க வேண்டும்.

இதைத் தீர்த்துவைப்பது யு.டி.ஆர். எண். ஒவ்வொரு பண அனுப்பீட்டுக்கும் ஒன்றே ஒன்று உண்டு. டெபாசிட் வைத்திருந்த நிறுவனத்திடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, வரவு வர வேண்டிய வங்கியில் கொடுத்தால் அவர்கள் தேடிச் சொல்வார்கள். எண்ணைத் தர முடியவில்லை என்றால் பணம் இன்னும் அனுப்பப்படவே இல்லை என்று கொள்ளலாம்.

திரும்பி வந்ததற்கான காரணங்களில் வங்கி இணைப்புகளுக்குத் தனி இடம் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. இணைந்த வங்கிகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் படிப்படியாகக் காலாவதியாயின. நிதி நிறுவனத்தில் நீண்ட தவணைக்குப் பணம் போட்டவரின் பதிவில் பழைய குறியீடே தங்கியிருந்தால், முதிர்வு நாளில் அனுப்பும் பணம் சுற்றி வந்து நிறுவனத்திடமே நிற்கும். ரத்து செய்த காசோலை ஒன்றையும் புதிய கணக்கு விவரத்தையும் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள். காகித ரசீது கொடுத்த நிறுவனம் என்றால், அந்த ரசீதின் பின்புறம் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும்.

வந்தது, ஆனால் குறைவு

வரவு வந்தும் எதிர்பார்த்த தொகை இல்லாவிட்டால் பெரும்பாலும் அது வரிப்பிடித்தம், டி.டி.எஸ். ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள எல்லா டெபாசிட்டுகளின் வட்டியும் நிதியாண்டுக்குச் சேர்த்துக் கணக்கிடப்படும். 2025 ஏப்ரல் முதல் அந்தக் கூட்டுத்தொகை ₹50,000ஐத் தாண்டினால் பிடித்தம் உண்டு. மூத்த குடிமக்களுக்கு வரம்பு ₹1,00,000. விகிதம் 10 சதவீதம். பான் எண் தராதவருக்கும், ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்தவருக்கும் 20 சதவீதம். முன்சொன்ன ₹28,744 வட்டி தனியாக வரம்புக்குள்தான் இருக்கிறது. அதே வங்கியின் வேறொரு கிளையில் அவருக்கு இன்னொரு பெரிய டெபாசிட் இருந்தால் இதிலிருந்தும் பிடிப்பார்கள்.

குழப்பம் தருவது வேறு ஒன்று. கூட்டுவட்டி டெபாசிட்டில் வட்டி கைக்கு வராவிட்டாலும், ஒவ்வொரு நிதியாண்டும் சேர்ந்த வட்டிக்கு அவ்வப்போதே வரி பிடிக்கப்படும். பல வங்கிகள் அதை டெபாசிட்டின் வட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எடுத்த தொகைக்கு அதன்பின் கூட்டுவட்டி ஏறாது. எனவே ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள இடைவெளி, வரிச் சான்றில் உள்ள தொகையைவிடச் சில ரூபாய் கூடுதலாக இருக்கும். அது கணக்குப் பிழை அல்ல. பிடித்த வரி உண்மையிலேயே அரசுக்குக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரி இணையதளத்தில், தன் பான் எண்ணின் கீழ் உள்ள வரிப்பிடித்த அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம்.

கிளையில் தீராதபோது

மேற்சொன்ன எதுவும் பொருந்தாமல், முதிர்வுக் கட்டளை வரவு வைக்கச் சொல்லியும், இணைந்த கணக்கு சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் தவறு வங்கியின் பக்கம். அப்போது வாய்மொழிப் பேச்சு போதாது. டெபாசிட் எண், முதிர்வு நாள், முதிர்வுத் தொகை, கட்டளையின் நகல் ஆகியவற்றோடு எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். ‘என் பணம் வரவில்லை’ என்று மட்டும் எழுதுவதைவிட, ‘முதிர்வு நாளன்று மொத்தத் தொகையையும் இந்தச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது கட்டளை, இன்றுவரை டெபாசிட் நிலை Matured என்றே உள்ளது’ என்று எழுதினால் கிளை அந்தக் கேள்விக்கே பதில் சொல்லியாக வேண்டும். திரையின் படத்தையும் அன்றன்றே எடுத்து வைத்துக்கொள்வது உதவும். வங்கி பின்தேதியிட்டு வரவு வைத்தபின் பழைய நிலை திரையில் இருக்காது.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வங்கியிடம் முறையிடாமல் நேரே அங்கே போனால் புகார் ஏற்கப்படாது. ஊர்ப்புறத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போட்ட டெபாசிட்டுக்கு இந்த வழி கிடையாது. அவை வங்கிகள் அல்ல. கூட்டுறவுத் துறையின் பதிவாளர் அலுவலகம்தான் அவற்றுக்கு மேல். அஞ்சலக டெபாசிட்டுக்கு அஞ்சல் துறையின் குறைதீர்ப்பு முறை தனியாக இருக்கிறது.

ஒரே டெபாசிட்டருக்கு மட்டுமல்லாமல் அந்த வங்கியின் எல்லா டெபாசிட்டர்களுக்கும் பணம் நின்றிருந்தால், ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் மீது கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி உத்தரவு வந்த கூட்டுறவு வங்கிகளில் முதிர்வுத் தொகையானாலும் அனுமதித்த வரம்புக்கு மேல் வெளியே வராது. டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு, ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து ₹5 லட்சம் வரை ஈடு தருகிறது. 2021இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய கட்டுப்பாடு வந்த 90 நாட்களுக்குள் அந்தத் தொகை டெபாசிட்டருக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

பல ஆண்டுக்கு முன் முதிர்ந்து, இப்போதுதான் ரசீது கையில் கிடைத்த டெபாசிட்டுகளும் உண்டு. பெரும்பாலும் பெற்றோர் வைத்துவிட்டுப் போனவை. முதிர்ந்து பத்தாண்டு கேட்பாரின்றிக் கிடந்த தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. கிளையின் கணினியில் அந்த எண் கிடைக்காமல் போவதற்கு அது காரணமாக இருக்கலாம். இப்படிப்பட்ட தொகைகளைப் பெயரைக் கொண்டு தேட 2023 ஆகஸ்டில் UDGAM என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. தளம் பணத்தைத் தராது. எந்த வங்கியில் இருக்கிறது என்று காட்டும். உரிமை கோரும் விண்ணப்பம் அந்த வங்கிக்கே போக வேண்டும். வங்கி முதலில் டெபாசிட்டருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு நிதியிலிருந்து தன் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.